இரும்பு, போலேற், பி12: மூன்று குருதிச்சோகைகளுக்கு ஒப்பீட்டு அட்டவணை போடுவது எப்படி

உணவியல் பாடநெறியில் சேர்ந்த சில வாரங்களிலேயே எல்லோரிடமும் ஒரே மாதிரியான அட்டவணை ஒன்று சுற்றத் தொடங்கும். போசணைப்பொருள், தொழில், குறைபாட்டு நோய், உணவு மூலம் என நான்கு நிரல்கள். அதில் இரும்புக்கு எதிரே குறைபாட்டு நோய் என்ற இடத்தில் குருதிச்சோகை என்றிருக்கும். போலேற்றுக்கு எதிரேயும் குருதிச்சோகைதான். பி12க்கும் அதுவே. உணவு மூலத்தைப் பார்த்தால் முதலாவதுக்கு ஈரல், கீரை, பருப்பு. இரண்டாவதுக்கும் ஈரல், கீரை, பருப்பு. மூன்றாவதுக்கு ஈரல், மீன், முட்டை. இதை ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தவரின் கையில் ஒரு இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கொடுத்து, இவருக்கு எது குறைவு, என்ன சாப்பிடச் சொல்வீர்கள் என்று கேட்டால் திணறிப்போவார். அட்டவணையில் அதற்கான விடை இல்லாதபோது அவர் என்ன செய்வார்?

இந்த மூன்று போசணைப்பொருள்களையும் மட்டும் எடுத்து, விடை சொல்லக்கூடிய ஒரு அட்டவணையைப் படிப்படியாக உருவாக்குவோம். இதே முறையில் மற்றவற்றுக்கும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்த மூன்றில்தான் மாணவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள் என்பதால் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

முதற்படி: தாளைத் திருப்பிப் பிடியுங்கள்

ஏ4 தாளை அகலவாக்கில் வைத்து, போசணைப்பொருள்களை மேலே தலைப்பாகவும் கேள்விகளை இடப்பக்கம் கீழ்நோக்கியும் எழுதுங்கள். வழக்கமான குறிப்புகளில் இது மறுவளமாக இருக்கும். அப்படி எழுதினால் ஒவ்வொரு போசணைப்பொருளையும் தனித்தனிக் கதையாகப் படிக்கிறோமே தவிர ஒப்பிடுவதில்லை. கேள்விகள் இடப்பக்கம் வந்தால் ஒரே கேள்விக்கான மூன்று விடைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் அந்தக் கேள்வி பிரித்தறிய உதவாது என்பது உடனே தெரிந்துவிடும். ‘களைப்பு, மூச்சு வாங்குதல், வெளிறிய கண்மடல்’ என்பவை அப்படிப்பட்டவை. அவை குருதிச்சோகை இருக்கிறது என்று சொல்லும். எந்தச் சோகை என்று சொல்லாது. அவற்றுக்கு ஒரேயொரு வரி ஒதுக்கினால் போதும்.

இரண்டாம் படி: தொழிலை வினைச்சொல்லாக எழுதுங்கள்

‘குருதி உற்பத்திக்கு உதவும்’ என்று எழுதுவதில் பயனில்லை. உற்பத்தியின் எந்தக் கட்டத்தில் என்ன செய்கிறது என்று எழுத வேண்டும்.

என்புமச்சையில் ஒரு செங்குழியம் உருவாகும்போது இரண்டு வேலைகள் சமாந்தரமாக நடக்கின்றன. ஒன்று, தாய்க்குழியம் டி.என்.ஏ.யைப் படியெடுத்து மீண்டும் மீண்டும் பிரிவது. மற்றது, பிரிந்த குழியங்களுக்குள் ஈமோகுளோபின் நிரம்புவது. இரும்பு இரண்டாவது வேலைக்குரியது. ஈமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன; ஒட்சிசனைப் பற்றிக்கொள்வது அவைதான். போலேற்றும் பி12உம் முதல் வேலைக்குரியவை.

இதைப் புரிந்துகொண்டால் குழியத்தின் அளவை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரும்பு இல்லாதபோது பிரிதல் தடையின்றி நடக்கிறது, நிரம்புவது மட்டும் பின்தங்குகிறது. அதனால் குழியங்கள் சிறிதாகவும் வெளிறியும் வெளிவருகின்றன. போலேற் அல்லது பி12 இல்லாதபோது நிரம்புவதற்குத் தடையில்லை, பிரிதல்தான் தாமதிக்கிறது. பிரிய முடியாமல் வளர்ந்துகொண்டே போவதால் குழியங்கள் பெருத்துவிடுகின்றன. எண்ணிக்கையும் குறைந்துவிடும்.

அப்படியானால் போலேற்றும் பி12உம் ஏன் ஒரே படத்தைக் காட்டுகின்றன? டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினை ஆக்க போலேற் நேரடியாகத் தேவை. அந்த வேலைக்குரிய வடிவில் இல்லாத போலேற், மெதைல் கூட்டம் ஒன்றைச் சுமந்தபடி இருக்கும். அந்த மெதைல் கூட்டத்தை வாங்கிக்கொண்டு போலேற்றை விடுவிப்பது பி12இன் வேலை. பி12 இல்லாவிட்டால் உடலில் போலேற் இருந்தும் அது பயன்படாத வடிவில் சிக்கிக்கிடக்கும். ஆகவே பி12 குறைவு, செங்குழியத்தைப் பொறுத்தவரை போலேற் குறைவாகவே வெளிப்படுகிறது.

இங்கேதான் மிக ஆபத்தான தவறு நடக்கிறது. பி12 குறைந்த ஒருவருக்கு போலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்தால், புதிதாக வரும் போலேற் சிக்காத வடிவில் வருவதால் குருதி ஓரளவு சரியாகிவிடும். ஆனால் பி12க்கு நரம்பின் உறையைப் பேணும் வேறொரு வேலையும் உண்டு. அதில் போலேற்றுக்குப் பங்கில்லை. அறிக்கை நன்றாகிக்கொண்டிருக்கும்போதே காலில் விறைப்பும் நடையில் தடுமாற்றமும் கூடிக்கொண்டு போகும். நீண்டநாள் விட்டால் அந்தச் சேதம் முழுதாகத் திரும்பாது. உங்கள் அட்டவணையில் சிவப்பு மையில் எழுத வேண்டிய ஒரே வரி இதுதான்.

மூன்றாம் படி: ஒப்பீட்டு அட்டவணை

| கேள்வி | இரும்பு | போலேற் | பி12 |
|---|---|---|---|
| செங்குழியத்தில் என்ன செய்கிறது | ஈமோகுளோபினில் ஒட்சிசனைப் பற்றுகிறது | தைமினை ஆக்கி டி.என்.ஏ. படியெடுக்க வைக்கிறது | சிக்கிய போலேற்றை விடுவிக்கிறது |
| குறைந்தால் குழியம் | சிறியது, வெளிறியது | பெரியது | பெரியது |
| எம்.சி.வி. | 80க்குக் கீழ் | 100க்கு மேல் | 100க்கு மேல் |
| இது மட்டும் காட்டும் அடையாளம் | கரண்டிபோல் குழிந்த நகம். மண், ஐஸ்கட்டி தின்னும் ஆசை | கருவில் நரம்புக்குழாய்க் குறைபாடு | கைகால் விறைப்பு, நடைத் தடுமாற்றம் |
| உடல் இருப்பு தாங்கும் காலம் | ஆளுக்கு ஆள் மாறும். மாதவிடாய் உள்ள பெண்களில் குறைவு | 3 முதல் 4 மாதம் | சில வருடங்கள் |
| உறிஞ்சப்படும் இடம் | முன்சிறுகுடல் | சிறுகுடலின் மேற்பகுதி | சிறுகுடலின் கடைப்பகுதி. இரைப்பை சுரக்கும் உட்காரணி தேவை |
| உறுதிசெய்யும் பரிசோதனை | பெரிற்றின் | குருதிப் போலேற் | குருதி பி12, மெதைல்மலோனிக் அமிலம் |

எம்.சி.வி. என்பது ஒரு செங்குழியத்தின் சராசரிப் பருமன், பெம்டோலீற்றரில். கொழும்பில் எந்த ஆய்வுகூடத்தில் முழுக்குருதி எண்ணிக்கை எடுத்தாலும் அறிக்கையில் அது அச்சாகியிருக்கும். வளர்ந்தோருக்கு 80 முதல் 100 வரை வழமையானது. ஈமோகுளோபின் நம் அறிக்கைகளில் டெசிலீற்றருக்கு இத்தனை கிராம் என்று வரும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைகளோ லீற்றருக்குக் கிராமில் இருக்கும். பத்தால் பெருக்கினால் சரி. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 120, ஆண்களுக்கு 130. அதற்குக் கீழே போனால் குருதிச்சோகை.

‘இருப்பு தாங்கும் காலம்’ என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நேர்காணலில் அதிகம் உதவுவது அதுதான். மூன்று மாதமாக ஒழுங்காகச் சாப்பிட முடியாத ஒருவருக்கு போலேற் குறையலாம். அந்தக் காலத்தில் உணவால் மட்டும் பி12 தீர்ந்துவிடாது. மறுபக்கம், பத்து வருடங்களுக்கு முன் முழுச் சைவத்துக்கு மாறியவரிடம் போன மாதம் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டால் காரணம் பிடிபடாது.

இரும்பு ஒரே நாளில் குறைவதில்லை. முதலில் சேமிப்பு கரைகிறது. சேமிப்பின் அளவைக் காட்டும் பெரிற்றின் விழும், ஈமோகுளோபின் அப்படியே இருக்கும். அடுத்து, குருதியில் இரும்பைக் காவிச் செல்லும் திரான்ஸ்பெரின் வெறுமையாக ஓடத் தொடங்கும். கடைசியில்தான் ஈமோகுளோபின் விழுகிறது. ஆகவே ஈமோகுளோபின் 12.3 இருக்கிறது, இரும்புக் குறைபாடு இல்லை என்று எழுதுவது பிழை. வளர்ந்தோரில் பெரிற்றின் லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது பெரிற்றின் தானாகவே உயரும். சிறுநீர்த் தொற்றோடு வந்தவருக்கு 40 இருந்தால் அதை நம்பி நிம்மதியடையக் கூடாது. அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் எல்லையை 70 வரை உயர்த்தி வைத்திருக்கிறது.

இன்னொரு பொறி, ஈமோகுளோபின் ஆக்கத்தைக் குறைக்கும் பரம்பரை நோயான தலசீமியாவின் காவிகள். இலங்கையில் இது அரிதல்ல, குறிப்பாகக் குருநாகல், அனுராதபுரம் பக்கங்களில். அவர்களுக்கும் எம்.சி.வி. 70க்குக் கீழேகூட இருக்கும், ஆனால் பெரிற்றின் வழமையாக இருக்கும். சின்னக் குழியம் என்றாலே இரும்பு என்று எழுதிவிட்டால் தேவையில்லாத மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவார். அறிக்கையிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும்: இரும்புக் குறைபாட்டில் செங்குழியங்களின் எண்ணிக்கையும் விழும், தலசீமியாக் காவியிலோ அது உயர்ந்தே இருக்கும். எம்.சி.வி.யை, மில்லியனில் சொல்லப்படும் செங்குழிய எண்ணிக்கையால் வகுத்து 13க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகப்படுங்கள். அது சந்தேகம் மட்டுமே. உறுதிசெய்ய ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும்.

நான்காம் படி: உணவை 100 கிராமில் எழுதாதீர்கள்

உணவுக் கூட்டமைப்பு அட்டவணைகள் எல்லாம் 100 கிராமுக்குத்தான் சொல்லும். யாரும் 100 கிராம் கொத்தமல்லி சாப்பிடுவதில்லை. தட்டில் விழும் அளவுக்கு மாற்றி எழுதினால்தான் ஒப்பீடு பொருள்படும். கீழே இருப்பவை முழுமையாக்கிய அண்ணளவான எண்கள். இனத்துக்கு இனம், மண்ணுக்கு மண் மாறும். உங்கள் விரிவுரையில் தரப்படும் உள்நாட்டு அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

| உணவு, ஒரு பரிமாறல் | இரும்பு, மி.கி. | போலேற், மை.கி. | பி12, மை.கி. |
|---|---|---|---|
| கோழி ஈரல், சமைத்தது 50 கிராம் | 6 | 280 | 8 |
| ரின்மீன் 50 கிராம் | 1 | மிகக் குறைவு | 3 முதல் 4 |
| முட்டை 1 | 0.9 | 24 | 0.5 |
| பசும்பால் 200 மி.லீ. | 0.1 | 10 | 0.9 |
| மைசூர்ப் பருப்பு, காய்ந்த நிறையில் 30 கிராம் | 2 | 50 | 0 |
| அவித்த கௌபி 100 கிராம் | 2.5 | 200 | 0 |
| சமைத்த கீரை 50 கிராம் | 1 முதல் 2 | 40 முதல் 70 | 0 |

வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு போலேற் 400 மைக்ரோகிராம், பி12 2.4 மைக்ரோகிராம் என்ற அளவைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். கடைசி நிரலைக் கீழ்நோக்கிப் பாருங்கள். தாவர உணவு வந்தவுடன் பூச்சியம். அங்கே ‘குறைவு’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், இல்லை, பூச்சியம்தான். பி12ஐ ஆக்குவது நுண்ணங்கிகள் மட்டுமே, அது விலங்கு உணவு வழியாக நமக்கு வருகிறது.

மார்மைட் விடயம் இங்கே குழப்பும். கொழும்பில் பல வீட்டு அலுமாரிகளில் அந்தக் கறுப்புப் போத்தல் இருக்கும். 1920களின் இறுதியில் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர், கர்ப்பிணிகளான நெசவாலைப் பெண்களில் கண்ட பெருங்குழியச் சோகை ஈஸ்ற் சாற்றினால் குணமாவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அந்தச் சாறு மார்மைட்தான். அதில் இருந்த மருந்து பின்னாளில் போலேற் என்று அறியப்பட்டது. ஈஸ்ற்றில் இயல்பாக போலேற் உண்டு, பி12 கிடையாது. போத்தலின் சுட்டியில் பி12 அச்சிட்டிருந்தால் அது தயாரிப்பின்போது சேர்க்கப்பட்டது. ஆகவே சுட்டியைப் பார்க்காமல் பி12 நிரலில் மார்மைட்டை எழுதாதீர்கள்.

போலேற் நீரில் கரையும், வெப்பத்திலும் அழியும். கீரையை நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் அட்டவணையில் எழுதிய எண்ணில் பாதிகூடத் தட்டுக்கு வராமல் போகலாம். பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் பிசையும் வல்லாரைச் சம்பலில் அந்த இழப்பு இல்லை. இரண்டு நிமிடம் பிரட்டி இறக்கும் வறையில் சிறிதளவுதான். ஆனால் கர்ப்பம் தரிக்க எண்ணுபவருக்குக் கீரையை மட்டும் நம்பச் சொல்லக் கூடாது. கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்து ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போனது தெரிந்து கிளினிக்குக்குப் போகும் முன்பே அது முடிந்துவிடும். அதனால்தான் போலிக் அமிலம் 400 மைக்ரோகிராமை முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள்.

ஐந்தாம் படி: இரும்புக்கு மட்டும் இன்னொரு நிரல்

இரும்பைப் பொறுத்தவரை உணவில் எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கதை. குடல் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதுதான் மீதி. இறைச்சி, மீன், ஈரலில் உள்ள ஈம் வகை இரும்பில் சுமார் 15 முதல் 35 வீதம் உறிஞ்சப்படும். இவற்றில்கூட எல்லா இரும்பும் ஈம் வகையல்ல. தாவரங்களிலும் முட்டையிலும் உள்ளது ஈம் அல்லாத வகை; அது 2 வீதத்துக்கும் 20 வீதத்துக்கும் இடையில் ஊசலாடும். எது கூடவே உண்ணப்படுகிறது என்பதே அந்த ஊசலைத் தீர்மானிக்கிறது. விற்றமின் சி, சிறிதளவு மீன் அல்லது இறைச்சி ஆகியவை கூட்டும். தேநீரின் தனின், தவிட்டிலும் பருப்பிலும் உள்ள பைற்றேற், கல்சியம் ஆகியவை குறைக்கும்.

தேவை அளவு ஏன் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது என்ற கேள்விக்கும் இதுதான் விடை. உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தந்த பரிந்துரையில், 19 முதல் 50 வயதுப் பெண்ணுக்கு நான்கு எண்கள் இருக்கின்றன: 19.6, 24.5, 29.4, 58.8 மி.கி. இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான்கும் ஒரே எண்ணிலிருந்து வந்தவை. ஏறத்தாழ எல்லாப் பெண்களுக்கும் போதுமான, உடலுக்குள் போய்ச்சேர வேண்டிய இரும்பு 2.94 மி.கி. அதை உறிஞ்சும் வீதத்தால் வகுக்கிறார்கள்:

2.94 ÷ 0.15 = 19.6
2.94 ÷ 0.12 = 24.5
2.94 ÷ 0.10 = 29.4
2.94 ÷ 0.05 = 58.8

ஆணுக்கு 2.94க்குப் பதில் 1.37 போட்டுப் பாருங்கள், 9.1, 11.4, 13.7, 27.4 வரும். அமெரிக்கப் புத்தகத்தில் பெண்ணுக்கு 18 என்று இருப்பது, இறைச்சி தாராளமாக உள்ள உணவை வைத்துக் கணித்தது. அதை அப்படியே எடுத்துச் சோறும் பருப்பும் சாப்பிடுபவருக்கு எழுதினால் தேவையைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். அட்டவணையில் தேவை அளவை எழுதும்போது பக்கத்தில் எந்த வீதம் என்பதையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

ஒரு மதியத் தட்டைக் கணக்கிடுவோம். சிவப்பரிசிச் சோறு 250 கிராமில் ஏறத்தாழ 1.2 மி.கி., பருப்புக் கறியில் 2, கீரை வறையில் 1.5, மற்றொரு மரக்கறியில் 0.3. மொத்தம் 5 மி.கி. சாப்பிட்டு எழும்பியவுடன் ஒரு பிளேன்டீ குடித்தால், உறிஞ்சும் அளவைக் கீழ் எல்லையான 5 வீதம் என்று கொள்வோம். உள்ளே போவது 0.25 மி.கி. அதே தட்டு, தேநீரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தள்ளிவைத்து, பதிலாகப் பாதிக் கொய்யாப்பழம் என்றால் 10 வீதம் என்று எடுக்கலாம்; 0.5 மி.கி. தட்டில் ஒரு பருக்கை கூடவில்லை, கிடைத்த இரும்பு இரட்டித்துவிட்டது. 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் விற்றமின் சி இருக்கிறது. தேசிக்காய்ச் சாற்றில் அதைவிட மிகக் குறைவு. சம்பலில் பிழிவது நல்லதுதான், அதுவே போதும் என்று எண்ணக் கூடாது.

இந்த 5, 10 என்பவை முழு உணவுமுறைக்கான மதிப்பீடுகள். ஒரு தனித் தட்டின் துல்லியமான அளவு அல்ல. அதோடு உடலில் இருப்பு குறையக் குறைய ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் குறைந்து குடல் கதவை அகலத் திறக்கும். ஒரே தட்டிலிருந்து குறைபாடுள்ளவர் கூடுதலாகவே எடுத்துக்கொள்வார். பரீட்சை விடையில் இந்த வரியைச் சேர்க்கலாம், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தாய்சேய் கிளினிக்கில் இரும்பு மாத்திரையோடு கல்சியமும் தருவார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. ‘ஒன்று காலை, மற்றது இரவு’ என்று பையிலேயே எழுதிக் கொடுங்கள்.

ஒரு அறிக்கையைப் படித்துப் பார்ப்போம்

பயிற்சிக்காக ஒருவரை அமைத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையில் வசிக்கும் 58 வயதுப் பெண். பல வருடங்களாக முழுச் சைவம், முட்டையும் இல்லை. நீரிழிவுக்கு ஒன்பது வருடமாக மெற்போமின் எடுக்கிறார். களைப்பு, இரவில் பாதம் எரிந்து விறைக்கிறது. அறிக்கை:

| பரிசோதனை | அவருக்கு | வழமை |
|---|---|---|
| ஈமோகுளோபின், கி./டெ.லீ. | 9.4 | 12 அல்லது மேல் |
| எம்.சி.வி. | 87 | 80 முதல் 100 |
| ஆர்.டி.டபிள்யூ., வீதம் | 19.5 | ஏறத்தாழ 11.5 முதல் 14.5 |
| பெரிற்றின், மை.கி./லீ. | 8 | 15 அல்லது மேல் |
| பி12, பி.கி./மி.லீ. | 140 | ஏறத்தாழ 200க்கு மேல் |
| போலேற் | வழமை | |

நம் முதல் அட்டவணையை வைத்துப் பார்த்தால் எம்.சி.வி. 87, சின்னதும் இல்லை, பெரிதும் இல்லை. இங்கே நின்றுவிடுபவர் ‘போசணைக் குறைபாடு அல்ல’ என்று எழுதிவிடுவார். அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஆர்.டி.டபிள்யூ. என்பது குழியங்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டுகிறது. 19.5 என்றால் சிறியவையும் பெரியவையும் கலந்து ஓடுகின்றன. 87 அவற்றின் சராசரி மட்டுமே. சிறியவை இரும்பாலும் பெரியவை பி12ஆலும் வந்தவை. பெரிற்றினும் பி12உம் அதை உறுதிசெய்கின்றன. குருதிப்பூச்சைக் கண்ணால் பார்க்கும் மருத்துவர் ‘இருவகைக் குழியங்கள்’ என்று எழுதியிருப்பார். அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

இனி உணவு. ஒரு நாளில் அவர் எடுக்கும் பால் இரண்டு தேநீரில் மொத்தம் 100 மி.லீ.; பி12 அரை மைக்ரோகிராமுக்கும் குறைவு. தேவை 2.4. மெற்போமின் நீண்டகாலம் எடுக்கும்போது குடல் பி12ஐ உறிஞ்சுவதும் குறையும். தயிரும் பாலும் கூட்டச் சொல்லலாம், ஆனால் 140இல் இருப்பவரை, அதுவும் நரம்பு அறிகுறியோடு வந்தவரை, தயிரால் தூக்கி நிறுத்த முடியாது. பி12ஐ மருந்தாக, எந்த வழியில், எவ்வளவு என்பதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும், அதுவும் தாமதமின்றி. பாத எரிவு நீரிழிவாலும் வரும் என்பது உண்மைதான். அதைச் சொல்லி பி12ஐத் தள்ளிவைக்கக் கூடாது. நீங்கள் கவனிக்க வேண்டியது, அவர் ஏற்கெனவே கடையில் வாங்கி போலிக் அமிலம் மட்டும் விழுங்குகிறாரா என்பது. கேட்டால்தான் சொல்வார்கள்.

இரும்புக்கு உங்கள் பங்கு அதிகம். காலை இடியப்பத்தோடு குடிக்கும் தேநீரைப் பத்தரைக்கு மாற்றுவது, மதியத் தட்டில் கொய்யாவோ பப்பாப்பழமோ சேர்ப்பது, மாலைப் பிஸ்கற்றுக்குப் பதில் ஒரு கிண்ணம் அவித்த கௌபி. கௌபியை முதல்நாள் இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவித்தால் பைற்றேற் கொஞ்சம் குறையும். நீரிழிவு இருப்பதால் பழத்தின் அளவை எழுதிக் கொடுக்க வேண்டும், ‘நிறையச் சாப்பிடுங்கள்’ என்று விடக் கூடாது.

ஆனால் 58 வயதில், மாதவிடாய் நின்ற பிறகு, பெரிற்றின் 8 என்பதை உணவின் மேல் மட்டும் பழி போட்டு மூடிவிடக் கூடாது. இந்த வயதுப் பெண்ணிலும், எந்த வயது ஆணிலும், இரும்பு இவ்வளவு தீர்ந்திருந்தால் எங்கோ குருதி கசிகிறதா என்று பார்ப்பது மருத்துவரின் வேலை. இரைப்பைப் புண்ணோ குடற்கட்டியோ இருக்கலாம். உணவு வரலாற்றைப் படிவத்தில் எழுதும்போது கீழே ஒரு வரி சேருங்கள்: ‘குருதியிழப்புக்கான காரணம் ஆராயப்பட வேண்டும்’. மலம் தார்போல் கறுத்துப் போகிறதா என்று கேட்டு, பதிலையும் எழுதுங்கள். இரும்பு மாத்திரை எடுப்பவருக்கு மலம் கறுப்பது இயல்பு என்பதால், மாத்திரை தொடங்கும் முன்பு கேட்பதே பயன்.

சிகிச்சை தொடங்கியபின் வரும் அறிக்கைகளிலும் இந்த அட்டவணை கைகொடுக்கும். பி12 மட்டும் கொடுக்கப்பட்டு இரும்பு விடுபட்டிருந்தால், பிரிதல் வேகமெடுத்து மிச்சமிருந்த இரும்பும் செலவாகி, எம்.சி.வி. 87இலிருந்து 70களுக்கு இறங்கும். இரும்பு மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால் மறுதிசையில் 100ஐத் தாண்டும். இரண்டிலும் ஈமோகுளோபின் கொஞ்சம் ஏறிப் பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். அடுத்த வருகையில் எம்.சி.வி. எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைத் திகதியோடு குறித்துவைத்தால், விடுபட்டது எது என்று கேட்காமலே தெரியும்.